1.60 வோல்ட்டுக்கு 128 ஏன் வருகிறது: எஸ்ஏஆர் ஏடிசி ஒவ்வொரு கிளாக்கிலும் எடுக்கும் முடிவு

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி ஆண்டு புராஜெக்ட். 50 மெகாஹெர்ட்ஸ் எஃப்பிஜிஏ போர்டு, 10கே/20கே ஆர்-2ஆர் லேடர், எல்எம்393 கம்பரேட்டர் வைத்து 8 பிட் எஸ்ஏஆர் ஏடிசி செய்திருக்கிறேன். ரெஃபரன்ஸ் 3.3 வோல்ட். சும்மா இருக்கும்போது டிஏசி 0-இல் நிற்கும். பிட்டுக்கு 1 மைக்ரோசெகண்ட் கொடுத்தால், ஏறக்குறைய 1.57-இலிருந்து 1.65 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் 128 வருகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்தால் சரியாகிவிடுகிறது. அப்புறம் கம்பரேட்டருக்கு இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப் சிங்க்ரனைசர் கட்டாயம் என்று படித்துவிட்டு அதையும் போட்டேன். இப்போது மெதுவான கிளாக்கிலும் பாதிக்குக் கீழே எல்லாமே 192! என்னதான் நடக்கிறது?

பதில்:

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கிளாக் விளிம்பு வரும்போது உங்கள் இயந்திரம் படிக்கும் பதில், அது அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கான பதில் அல்ல. முதல் கோளாறில் பதில் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாவதில், இரண்டு கேள்விகளுக்கு முந்தைய பதிலைப் படிக்கிறது. 128, 192 என்ற எண்களே காரணத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. அதனால் அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

எஸ்ஏஆரை அனலாக் சர்க்யூட் என்று பார்ப்பதை ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். அது ஒரு ஸ்டேட் மெஷின். அதன் உள்ளீடு ஒரே ஒரு பிட், கம்பரேட்டரின் வெளியீடு; அளக்கும் வோல்ட்டேஜ் டிஏசியைவிட அதிகம் என்றால் அது 1, குறைவு என்றால் 0. அதன் நினைவில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: இப்போது எந்த பிட்டைச் சோதிக்கிறோம், இதுவரை எந்தெந்த பிட்டுகளை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு விளிம்பிலும் அது செய்வது இவ்வளவுதான்: கம்பரேட்டர் 1 என்றால் சோதனை பிட்டை அப்படியே விடும், 0 என்றால் அழிக்கும், கம்பரேட்டர் எதைச் சொன்னாலும் அடுத்த பிட்டை 1 ஆக்கும். அந்தப் புதிய எண் டிஏசிக்குப் போகிறது. அடுத்த விளிம்புவரை உள்ள நேரம் முழுவதும் டிஏசி ஓய்வதற்கும் கம்பரேட்டர் பதில் சொல்வதற்கும் உரியது.

1.70 வோல்ட்டைக் கொடுத்து, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால் நடப்பது இது. ஒரு படி 3.3/256, அதாவது 12.89 மில்லிவோல்ட்.

```
trial   DAC (V)   comp
 128    1.6500     1
 192    2.4750     0
 160    2.0625     0
 144    1.8563     0
 136    1.7531     0
 132    1.7016     0
 130    1.6758     1
 131    1.6887     1
result  131
```

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 132-ஐச் சோதிக்கும்போது இரண்டு வோல்ட்டேஜுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 1.6 மில்லிவோல்ட். கம்பரேட்டர் மிக மெதுவாகப் பதில் சொல்லும் இடம் அது. ஆனால் அதற்கு முந்தைய சோதனையிலும் பதில் 0 என்பதால், தாமதமானாலும் கெடுதல் தெரியாது. அடுத்த வரியில்தான் ஆபத்து. 130-க்கு விடை 0-இலிருந்து 1-க்கு மாற வேண்டும். அது தாமதமானால் 130 அழிக்கப்படும், பிறகு 129 மிஞ்சும். ஆக, கம்பரேட்டரின் பதில் மாற வேண்டிய இடங்களில்தான் பிழை பிறக்கிறது. பதில் மாறாத இடங்களில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சரியாகவே தெரியும். பல வோல்ட்டேஜ்களில் ஏடிசி நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றி, சில இடங்களில் மட்டும் சொதப்புவது இதனால்தான்.

இனி உங்கள் 128. உள்ளீடு 1.60 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 124 (1.60/3.3 × 256 = 124.1). டிஏசி 0-இல் நிற்கிறது, கம்பரேட்டர் 1 சொல்லிக்கொண்டிருக்கிறது. முதல் சோதனை 128 என்றதும் டிஏசி 0-இலிருந்து 1.65-ஐ நோக்கி ஏறத் தொடங்குகிறது. ஆர்-2ஆர் லேடரின் வெளியீட்டு மின்தடை எப்போதும் ஒரு ஆர், உங்களுக்கு 10 கிலோ ஓம். பிரெட்போர்டு, ஒயர், கம்பரேட்டர் கால் எல்லாம் சேர்ந்து 20 பிகோஃபாரட் என்று வைத்தால் நேர மாறிலி 0.2 மைக்ரோசெகண்ட். டிஏசி 1.60-ஐத் தாண்ட வேண்டும் என்றால் மிச்சம் 0.05 வோல்ட்டாகச் சுருங்க வேண்டும். 1.65/0.05 = 33, அதன் இயல் மடக்கை 3.5. எனவே 0.7 மைக்ரோசெகண்டில்தான் டிஏசி உள்ளீட்டைத் தாண்டுகிறது. கம்பரேட்டர் வேலையைத் தொடங்குவதே அப்போதுதான். எல்எம்393-இன் தரவுத்தாள் 5 மில்லிவோல்ட் மிகைப்புக்கு 1.3 மைக்ரோசெகண்ட் என்கிறது. வித்தியாசம் கூடக் கூட இது குறையும். ஆனால் உங்களிடம் மிச்சமிருப்பது 0.3 மைக்ரோசெகண்ட் மட்டும், அதுவும் வித்தியாசம் இன்னும் 40 மில்லிவோல்ட்டைக்கூடத் தொடாத நிலையில். விளிம்பு வந்துவிடுகிறது, கம்பரேட்டர் பழைய 1-ஐயே காட்டுகிறது. மேல் பிட் வைத்துக்கொள்ளப்படுகிறது.

அதன்பின் மெஷின் எதையும் தவறாகச் செய்வதில்லை. 192 அதிகம், அழி. 160 அதிகம், அழி. 144, 136, 132, 130, 129 எல்லாமே அதிகம்தான். மிஞ்சுவது 128. ஏழு முறை கம்பரேட்டர் "அதிகம், அதிகம்" என்று கத்தினாலும், முதல் பிட்டைத் திரும்பப் போய்த் திருத்தும் நிலை இந்த இயந்திரத்தில் இல்லை. அது எடுத்த முடிவு எடுத்ததுதான்.

தவறு எதிர்த்திசையில் நடந்தால், அதாவது வைத்திருக்க வேண்டிய மேல் பிட் அழிந்துபோனால், மீதி ஏழும் 1 ஆகி 127 வரும். இதைப் பொதுவாக்கிக்கொள்ளலாம். விடையின் வால் முழுக்க 0-ஆக ஒரே எண்ணில் குவிந்தால், அந்த வாலுக்கு மேலே உள்ள கடைசி 1 தவறாக வைக்கப்பட்ட பிட். வால் முழுக்க 1 என்றால், அதற்கு மேலே உள்ள 0 தவறாக அழிக்கப்பட்ட பிட். உள்ளீட்டை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், 64, 128, 192 போன்ற எண்களை ஒட்டிக் கூம்பு எழும்பி, அதன் ஒரு பக்கத்தில் எண்களே வராத பள்ளம் தெரியும். பள்ளம் எந்தப் பக்கம் என்பதிலிருந்து எந்தத் திசைத் தவறு என்று சொல்லிவிடலாம். உங்களுக்கு 128-க்குக் கீழே பள்ளம்.

0.5 வோல்ட்டில் ஏன் இந்தச் சிக்கல் இல்லை? அங்கே டிஏசி 0.07 மைக்ரோசெகண்டிலேயே உள்ளீட்டைத் தாண்டிவிடுகிறது. அதற்குமேல் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வித்தியாசம் விழுகிறது, கம்பரேட்டர் சட்டென்று திரும்பிவிடுகிறது. சோதனை எண்ணுக்குச் சற்றே கீழே உள்ள வோல்ட்டேஜ்கள்தான் மாட்டுகின்றன.

ஒரு பிட்டுக்கு எவ்வளவு நேரம்

கணக்கு எளிது. மிகப் பெரிய தாவல் 128 படி. அதன் பிழை அரைப் படிக்குள் வர வேண்டும்: 128/0.5 = 256, இயல் மடக்கை 5.5. அதாவது 5.5 × 0.2 = 1.1 மைக்ரோசெகண்ட். அதன்மேல் கம்பரேட்டருக்கு 1.3. மொத்தம் 2.4. பிரெட்போர்டின் கொள்ளளவு உங்களுக்குத் திட்டமாகத் தெரியாது என்பதால் 4 மைக்ரோசெகண்ட் வைத்துக்கொள்ளுங்கள். 50 மெகாஹெர்ட்ஸில் அது 200 துடிப்பு. எட்டு பிட்டுக்கு 32 மைக்ரோசெகண்ட்.

அளந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. ஆஸிலோஸ்கோப் ப்ரோபை லேடரின் வெளியீட்டில் வைத்தால், பத்து மடங்கு நிலையில்கூட 10 முதல் 15 பிகோஃபாரட் கூடும். ஒரு மடங்கு நிலையில் 100-ஐத் தொடும். நேர மாறிலி 0.2-இலிருந்து 1.2 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏடிசி ப்ரோபை வைத்தவுடன் கெட்டுப்போனால், உங்கள் நேரக் கணக்கு விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். அதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

லேடரை 1கே/2கே ஆக்கினால் பத்து மடங்கு வேகமாகுமே என்று தோன்றும். ஆகும். ஆனால் எஃப்பிஜிஏ கால்களுக்கே சில பத்து ஓம் உள் மின்தடை உண்டு. 20 கிலோவில் அது பொருட்டில்லை. 2 கிலோவில் 1 முதல் 2 சதவீதம். 8 பிட்டுக்கு அது தாங்காது.

இதோடு கம்பரேட்டரின் சப்ளை வோல்ட்டேஜையும் பார்த்துவிடுங்கள். எல்எம்393-ஐ 3.3 வோல்ட்டில் ஓட்டினால், அதன் உள்ளீடுகள் ஒழுங்காக வேலை செய்வது ஏறக்குறைய 1.8 வோல்ட் வரைதான், அதாவது சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழ்வரை. உள்ளீடும் டிஏசியும் இரண்டுமே அதற்கு மேலே போகும்போது பதிலை நம்ப முடியாது. 5 வோல்ட்டில் ஓட்டுங்கள். வெளியீடு ஓப்பன் கலெக்டர் என்பதால் புல்-அப்பை மட்டும் 3.3-க்கு இழுத்துக்கொள்ளலாம், 2.2 முதல் 4.7 கிலோ ஓம் போதும்.

192 எங்கிருந்து வந்தது

சிங்க்ரனைசர் போட்டது தவறல்ல. அதற்கு எஸ்ஏஆரின் மெதுவான கிளாக்கையே கொடுத்ததுதான் தவறு. ஒரு விளிம்பில் முதல் ஃபிளிப்-ஃப்ளாப் கம்பரேட்டரைப் பிடிக்கிறது. அடுத்த விளிம்பில் அது இரண்டாவதுக்கு நகர்கிறது. அதற்கும் அடுத்த விளிம்பில்தான் உங்கள் லாஜிக் அதைப் படிக்கிறது. ஆக, ஒவ்வொரு பிட்டும் இரண்டு சோதனைகளுக்கு முந்தைய பதிலால் தீர்மானிக்கப்படுகிறது.

0.5 வோல்ட்டைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மாற்றம் தொடங்குமுன் டிஏசி 0-இல் நின்றதால் சிங்க்ரனைசருக்குள் இரண்டு 1-கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. 128-க்கான தீர்ப்பு முதல் 1-ஆல் வருகிறது, வைத்துக்கொள்கிறது. 192-க்கான தீர்ப்பு இரண்டாவது 1-ஆல், அதையும் வைத்துக்கொள்கிறது. 224-ஐத் தீர்மானிக்கும் நேரத்தில்தான் "128 அதிகம்" என்ற முதல் உண்மையான பதில் வந்து சேர்கிறது. அதிலிருந்து எல்லாம் 0. விடை 192. பாதிக்குக் கீழே எந்த வோல்ட்டேஜுக்கும் இதே பாதைதான்.

பாதிக்கு மேலே போனால் இன்னும் வேடிக்கை. 2.0 வோல்ட் கொடுத்தால் (சரியான விடை 155) 224 வரும். ஏனென்றால் "128 குறைவு" என்ற பதில் இரண்டு படி தாமதமாக வந்து 32-இன் பிட்டை வைத்துக்கொள்ள வைக்கிறது. 2.475-க்கும் 2.89-க்கும் இடையில் கொடுத்தால் 240. முழு அளவிலும் 192, 224, 240 என்று சில எண்களே வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், உங்கள் மெஷினில் பதில் சரியாக இரண்டு கிளாக் தாமதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரு கிளாக் மட்டும் தாமதம் என்றால், பாதிக்குக் கீழே எல்லாம் 128 வரும். உங்கள் முதல் கோளாறிலும் 128 வந்தது. ஆனால் அங்கே 1.57-க்கு மேல்தான் வந்தது, 0.5-இல் வரவில்லை. இந்த வேறுபாட்டை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

தீர்வு: எல்லா ஃபிளிப்-ஃப்ளாப்புக்கும் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கையே கொடுங்கள். பிரித்தெடுத்த மெதுவான கிளாக் வேண்டாம். எஸ்ஏஆர் நகர்வதற்கு 200 துடிப்புக்கு ஒருமுறை `tick` என்ற அனுமதி மட்டும் போதும். அப்போது சிங்க்ரனைசரின் தாமதம் 40 நானோசெகண்ட். 4 மைக்ரோசெகண்டில் அது ஒன்றுமே இல்லை.

```verilog
reg  [7:0] mask = 8'h00, code = 8'h80, result;
reg  [7:0] cnt = 0;
reg        s1, s2, done;
wire       tick = (cnt == 8'd199);
wire [7:0] kept = s2 ? code : (code & ~mask);
wire [7:0] nxt  = mask >> 1;

always @(posedge clk) begin
  s1   <= comp;
  s2   <= s1;
  done <= 1'b0;
  cnt  <= tick ? 8'd0 : cnt + 8'd1;
  if (mask == 0) begin
    if (start) begin
      mask <= 8'h80;
      cnt  <= 8'd0;
    end
  end else if (tick) begin
    mask <= nxt;
    code <= mask[0] ? 8'h80 : (kept | nxt);
    if (mask[0]) begin
      result <= kept;
      done   <= 1'b1;
    end
  end
end
```

`mask`-தான் நிலை. அதில் ஒரே ஒரு 1 மேலிருந்து கீழே நடந்து போகிறது. எல்லாம் 0 என்றால் மெஷின் சும்மா இருக்கிறது. `start` வரும்போது `cnt`-ஐ 0 ஆக்குவதை விட்டுவிடாதீர்கள். விட்டால் முதல் பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் வேறுபடும். சில நேரம் சரி, சில நேரம் தவறு என்று ஆளைச் சுற்றவிடும் கோளாறு அது.

டிஏசி கால்கள் `code` ரெஜிஸ்டரிலிருந்து நேராகப் போக வேண்டும், `kept`-இலிருந்து அல்ல. `kept`-ஐ வெளியே விட்டால் கம்பரேட்டர் டிஏசியை மாற்றும், டிஏசி கம்பரேட்டரை மாற்றும். நடுவில் சிங்க்ரனைசர் இருந்தாலும், `tick`-க்குக் காத்திராத அந்த வளையம் ஆடத் தொடங்கிவிடும்.

முடிந்தவுடன் `code`-ஐ 80h-க்கு அனுப்பியிருக்கிறேன், 0-க்கு அல்ல. சும்மா இருக்கும் நேரத்திலேயே டிஏசி பாதியில் போய் ஓய்ந்திருக்கும். மிகப் பெரிய தாவலுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். இப்படிச் செய்யாமல் பழைய விடையிலேயே டிஏசியை விட்டுவைப்பவர்கள் உண்டு. அப்போது முதல் தாவலின் அளவும் திசையும் முந்தைய விடையைப் பொறுத்திருக்கும், நேரம் போதாதபோது இந்த அளவீடு போன அளவீட்டைப் பொறுத்து மாறும். கண்டுபிடிக்கச் சிரமமான பிழை. ஆனால் 80h-இல் நிறுத்துவதால் மட்டும் 1 மைக்ரோசெகண்டுக்குப் போக முடியாது. பிரச்சினை அடுத்த பிட்டின் தாவலுக்கு நகரும், கூம்பு 128-இலிருந்து 63-க்கும் 192-க்கும் போகும்.

சிங்க்ரனைசர் பற்றி ஒரு வார்த்தை. உள்ளீடு சோதனை வோல்ட்டேஜுக்கு மிக அருகில் இருந்தால் கம்பரேட்டர் விளிம்பு நேரத்தில்தான் மாறும், அதைப் பிடிக்கும் ஃபிளிப்-ஃப்ளாப் தடுமாறும். எஸ்ஏஆரில் அந்தத் தடுமாற்றம் 0 ஆனாலும் 1 ஆனாலும் பரவாயில்லை. ஒரு படிக்குள் இரண்டுமே சரிதான். ஒரே பதிலை இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப்புகள் வெவ்வேறாகப் புரிந்துகொள்வதுதான் கூடாது. மேலே உள்ள கோடில் கடைசி பிட்டைத் தவிர ஒவ்வொரு விளிம்பிலும் கம்பரேட்டரை நம்பி மாறுவது `code`-இன் ஒரு பிட் மட்டுமே. அதனால் சிங்க்ரனைசர் இல்லாமலும் பெரும்பாலும் ஓடிவிடும். இருந்தாலும் இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப்புக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

நேரமா, ரெசிஸ்டரா?

128-க்குப் பக்கத்தில் எண்கள் காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: லேடரின் ரெசிஸ்டர்கள். மேல் பிட்டின் 20 கிலோவில் 1 சதவீதம் பிசகினால், அதன் எடை ஏறக்குறைய 1.3 படி பிசகும். எடை கூடிப்போனால் 127 என்ற எண் தேவைக்கு மேல் அகலமாகும். குறைந்துபோனால் 127, சில நேரம் 126-கூட, வரவே வராது. பார்க்க நேரப் பிழையைப் போலவே இருக்கும்.

பிரித்தறிய எளிய வழி: முதல் பிட்டின் நேரத்தை மட்டும் பத்து மடங்கு ஆக்குங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். கூம்பு மறைந்தால் அது நேரம். அசையாமல் நின்றால் ரெசிஸ்டர். உங்கள் 1.57 – 1.65 என்பது ஆறு படிக்கும் மேல் அகலம், கிளாக்கைக் குறைத்தால் மறைகிறது. எனவே அது ரெசிஸ்டர் அல்ல. 0.1 சதவீத ரெசிஸ்டர் தேடி சிம் லிம் டவரில் மாடி மாடியாக ஏறுவதற்குமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அப்படியே வேண்டுமென்றாலும், ஒரே பட்டையிலிருந்து 10 கிலோ 1 சதவீதம் 25 வாங்கினால் போதும்: 20 கிலோ தேவைப்படும் ஒன்பது இடங்களில் இரண்டிரண்டாகத் தொடரில், இணைப்புகளுக்கு ஏழு. மல்டிமீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவற்றை மேல் மூன்று பிட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மதிப்பு முக்கியமில்லை, ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான் முக்கியம்.

உள்ளீடு நகர்ந்தால்

உங்கள் சர்க்யூட்டில் சாம்பிள்-ஹோல்டு இருப்பதாகச் சொல்லவில்லை. பொட்டன்ஷியோமீட்டரைக் கையால் திருகும்வரை தேவையில்லை. ஆனால் பின்னால் ஏதாவது சிக்னலைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதே "திரும்பிப் பார்க்காத" குணம் மறுபடி கடிக்கும். மேல் பிட்டைத் தீர்மானித்தபோது உள்ளீடு 1.64, பிறகு 1.68-க்கு ஏறிவிட்டது என்றால் விடை 127-இல் முட்டி நின்றுவிடும்.

மாற்றம் நடக்கும் நேரத்தில் உள்ளீடு ஒரு படிக்கு மேல் நகரக் கூடாது என்று வைத்தால், முழு அளவு சைன் அலைக்கு எல்லை 1/(π × 256 × T). T = 32 மைக்ரோசெகண்டுக்கு அது 39 ஹெர்ட்ஸ். நொடிக்கு 31,000 முறை மாற்றக்கூடிய ஏடிசி, நம் வீட்டுச் சுவரில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலையையே ஹோல்டு இல்லாமல் முழு அளவில் துல்லியமாக அளக்காது.

ஹோல்டுக்கு ஒரு அனலாக் சுவிட்சும் 10 நானோஃபாரட் மின்தேக்கியும் போதும். 1 நானோஃபாரட் போதாது. எல்எம்393-இன் உள்ளீட்டு மின்னோட்டம் வழக்கமாக 25, மோசமானால் 250 நானோஆம்பியர். 32 மைக்ரோசெகண்டில் 1 நானோஃபாரட்டை 8 மில்லிவோல்ட் வரை நகர்த்திவிடும். அது அரைப் படிக்கும் மேல். சுவிட்சுக்கு 5 வோல்ட்டில் ஓடும் சாதாரண சிடி4066 வாங்காதீர்கள்; அதன் கட்டுப்பாட்டுக் கால் 3.5 வோல்ட் கேட்கும், எஃப்பிஜிஏ தருவது 3.3. எச்சிடி வகை வாங்குங்கள். நிரப்பும் நேரத்துக்கு மூலத்தின் மின்தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 10 கிலோ பொட்டன்ஷியோமீட்டர் நடுவில் 2.5 கிலோ ஓமாகத் தெரியும். 10 நானோஃபாரட்டோடு 25 மைக்ரோசெகண்ட், அதில் 5.5 மடங்கு என்றால் 140. மாற்றும் நேரத்தைவிட நிரப்பும் நேரம் நான்கு மடங்குக்கும் மேல்! நடுவில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வைத்துவிடுங்கள்.

தவறைப் பொறுத்துக்கொள்ளும் மெஷின்

புராஜெக்ட்டில் இன்னும் நேரம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். சாதாரண எஸ்ஏஆரில் 128-ஐ விட்டுவிட்டால் மீதி எல்லாவற்றின் கூட்டுத்தொகை 127. கொஞ்சமும் உபரி இல்லை, அதனால்தான் தவறு நிரந்தரம். 16-ஐ இரண்டு முறை சோதித்தால் உபரி கிடைக்கிறது. எடைகள் 128, 64, 32, 16, மறுபடி 16, 8, 4, 2, 1. மொத்தம் ஒன்பது கிளாக். முதல் நான்கு சோதனைகளில் டிஏசிக்கு இதுவரை வைத்ததோடு சோதனை எடையைக் கூட்டி அனுப்புங்கள். ஐந்தாவதிலிருந்து அதே கூட்டுத்தொகையில் 8-ஐக் கழித்து அனுப்புங்கள். கடைசி விடையிலும் 8-ஐக் கழியுங்கள். பிட்டை அழிப்பது, வைப்பது என்பதற்குப் பதில் ஒரு கூட்டி வேண்டும். 0-க்குக் கீழும் 255-க்கு மேலும் போனால் வெட்டிவிட வேண்டும். லேடரில் எந்த மாற்றமும் இல்லை.

அதே 1.60 வோல்ட்டில், அதே தவறோடு ஓட்டுவோம். 128 தவறாக வைக்கப்பட்டது. 192, 160, 144 சரியாக நிராகரிக்கப்பட்டன. இப்போது கூடுதல் 16: டிஏசியில் 128+16−8 = 136, அதிகம், வேண்டாம். 8: 128+8−8 = 128, அதிகம், வேண்டாம். 4: 128+4−8 = 124, உள்ளீடு 124.1, வை. கூட்டுத்தொகை இப்போது 132. 2: 126, வேண்டாம். 1: 125, வேண்டாம். விடை 132−8 = 124.

முதல் நான்கு முடிவுகளில் மொத்தத்தில் எட்டுப் படி, அதாவது 103 மில்லிவோல்ட் வரை, எந்தத் திசையில் பிசகினாலும் பின்னால் சரியாகிவிடும். ஆகவே அந்த நான்கு பிட்டுக்கும் டிஏசி அரைப் படிக்குள் ஓய வேண்டியதில்லை, எட்டுப் படிக்குள் வந்தால் போதும்: 128/8 = 16, இயல் மடக்கை 2.8, பழைய 5.5-இல் பாதி. கம்பரேட்டரும் 100 மில்லிவோல்ட்டுக்கு மேற்பட்ட வித்தியாசத்துக்கு மட்டும் சரியாகப் பதில் சொன்னால் போதும், அதை அது வேகமாகவே செய்யும். முதல் நான்குக்கு 2 மைக்ரோசெகண்டும் கடைசி ஐந்துக்கு 3-ம் கொடுத்தால் 23 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும்; ஒரு கிளாக் கூடியும் மொத்தம் 32-இலிருந்து 23.

கடைசி ஐந்து முடிவுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவற்றை அவசரப்படுத்தாதீர்கள். ரெசிஸ்டர் பிசகையும் இது சரிசெய்யாது. எடையே தவறாக இருந்தால் எத்தனை முறை சோதித்தாலும் அதே தவறான எடையோடுதான் ஒப்பிடுகிறோம். முதலில் சாதாரண மெஷினை 4 மைக்ரோசெகண்டில் ஓட்டி, மெதுவான ஏற்றத்தில் 256 எண்களும் வருகின்றனவா என்று பாருங்கள். வந்த பிறகு இதற்கு வாருங்கள்.